ஊர் விட்டு ஊர்: ஒரு மாதப் படப் பட்டியல் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் எங்கள் லைன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை நின்றால் தமிழ், ஒடியா, இந்தி, வங்காளம் நான்கும் காதில் விழும். பனியன் கம்பெனி வேலைக்கு ஊர் விட்டு வந்தவர்கள்தான் இந்தத் தெருவில் பாதிப் பேர். அதனால் இடம்பெயர்வைப் பற்றி ஒரு மாதம் படம் பார்க்கலாம் என்று எங்கள் வீட்டில் ஆரம்பித்தோம். பட்டியலைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு மாசம்னா முப்பது படம் போடோணும்ங்களா?

வேண்டாம். பன்னிரண்டு போதும். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வருகிறவர் தினம் ஒரு படம் பார்க்க முடியாது, பார்த்தாலும் மனதில் தங்காது. வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: புதன் ராத்திரி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற ஒரு சின்னப் படம், சனி ராத்திரி ஒரு பெரிய படம், ஞாயிறு ஒன்று. பன்னிரண்டு படமும் சேர்ந்து கிட்டத்தட்ட இருபத்திரண்டு மணி நேரம் வரும்.

சனிக்கிழமை சம்பள நாள். கடைவீதிக்குப் போய்விட்டுத்தான் எல்லோரும் வீடு திரும்புவார்கள். படம் தாமதமாக ஆரம்பித்தாலும் மறுநாள் லீவு என்பதால் கனமான படத்தை அன்றைக்கு வைப்பேன். பார்த்ததைப் பற்றிப் பேச ஞாயிறு காலை கிடைக்கும். திங்கள் காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார வேண்டியவரை ஞாயிறு ராத்திரி நெஞ்சு கனக்க அனுப்பக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு லேசான படம், அல்லது பகலிலேயே பார்த்து முடிக்கிற படம்.

பட்டியலை எப்படிங்க அடுக்கறது? பழசுல ஆரம்பிச்சு புதுசு வரைக்கும் வெச்சா போதாதா?

நானும் முதல் தடவை அப்படித்தான் வைத்தேன். அது சரியாக வரவில்லை. முதல் பத்து நாள் கறுப்பு வெள்ளைப் படமாகவே போனதால், வீட்டில் இருந்த இளசுகள் இரண்டாவது வாரமே கழன்றுகொண்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஆண்டு வரிசையில் வைத்தால் படங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

இப்போது பயண வரிசையில் அடுக்குகிறேன். முதல் வாரம் கிளம்புவது, இரண்டாம் வாரம் வழி, மூன்றாம் வாரம் போன இடத்து வேலை, நான்காம் வாரம் அங்கே ஒரு வீடு அமைவது, அல்லது அமையாமல் போவது. ஊர் விட்டு வந்த யாரைக் கேட்டாலும் தன் கதையை இந்த வரிசையில்தான் சொல்வார். காலம், நாடு, மனநிலை மூன்றையும் இந்த நான்கு வாரத்துக்குள் கலந்துவிட்டால் போதும்.

அந்தக் கலவை சரியா இருக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள். படம் எடுத்த ஆண்டு, கதை நடக்கிற ஆண்டு, எங்கிருந்து எங்கே, யார் பார்வையில், எவ்வளவு கனம். கனத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை எண் போதும். மூன்று என்றால் முடிந்தபின் யாரும் உடனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாத படம்.

இதில் பலர் விட்டுவிடுவது இரண்டாவதை. எடுத்த ஆண்டும் கதை நடக்கிற ஆண்டும் வேறு என்றால் படத்தின் குணமே வேறு. 'புரூக்ளின்' 2015இல் வந்தது, ஆனால் 1950களில் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போகிற ஒரு பெண்ணின் கதை. அந்தப் போக்கு எப்படி முடிந்தது என்று எடுத்தவர்களுக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். அதனால் வலி இருந்தாலும் படத்தில் ஓர் இதம் இருக்கிறது. பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' 1953இல் வந்தது, கதையும் கிட்டத்தட்ட அதே காலம்தான். நிலத்தை இழந்து நகரத்துக்குப் போனவர்கள் என்ன ஆவார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை படம் முழுக்க இருக்கிறது. இரண்டு படத்தையும் ஒரே வார இறுதியில் அடுத்தடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நான்காவதையும் விடாதீர்கள். போகிறவர் பார்வை, ஊரிலேயே தங்கிவிட்டவர் பார்வை, வருகிறவரை ஏற்கிற ஊர்க்காரர் பார்வை என்று மூன்று உண்டு. இன்றைய தேதியில் நாம் பெரும்பாலும் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். அந்தப் பார்வையில் இரண்டு மூன்று படமாவது இருக்க வேண்டும்.

சரி, உங்க பன்னிரண்டு படம் என்னன்னு சொல்லுங்க.

முதல் வாரம், புதன்கிழமை சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்'. 1917இல் வந்த ஊமைப் படம், அரை மணி நேரம்கூட இல்லை. சனிக்கிழமை 'தோ பீகா ஜமீன்'. ஞாயிறு 'புரூக்ளின்'.

இரண்டாம் வாரம், புதன்கிழமை 'லெ ஹாவ்ர்' (2011). பிரான்ஸின் துறைமுக ஊர் ஒன்றில், கன்டெய்னரில் ஒளிந்து வந்த ஆப்பிரிக்கச் சிறுவனை ஒரு ஷூ பாலிஷ் போடுகிற கிழவர் மறைத்து வைக்கிறார். வசனம் குறைவு, மனசு லேசாகும். சனிக்கிழமை 'இயோ கபித்தானோ' (2023), செனகலின் டக்கார் நகரத்திலிருந்து சஹாரா, லிபியா, கடல் என்று இத்தாலி நோக்கிப் போகிற இரண்டு பையன்கள். ஞாயிறு பகலில் 'பராசக்தி' (1952).

மூன்றாம் வாரம், புதன்கிழமை செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் எடுத்த 'பிளாக் கேர்ள்' (1966). சனிக்கிழமை 'விசாரணை' (2015). ஞாயிறு 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018). மலப்புரத்தில் செவன்ஸ் கால்பந்து ஆட வந்த நைஜீரியப் பையன் அடிபட்டு ஒரு வீட்டில் படுத்திருக்க, அந்த வீட்டு அம்மாக்கள் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான்காம் வாரம், புதன்கிழமை ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்' (1974). சனிக்கிழமை 'மினாரி' (2020). ஞாயிறு 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025).

இந்தப் பட்டியல் ஒரே தடவைல அமைஞ்சுதுங்களா?

இல்லை. முதலில் எழுதி முடித்து நோட்டைப் பார்த்தபோது 1966க்கும் 2011க்கும் நடுவில் ஒரு படம்கூட இல்லை. நாற்பத்தைந்து ஆண்டு வெற்றிடம். ஆனால் இந்த விஷயத்தில் முக்கியமான திருப்பமே அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. போருக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் மேற்கு ஜெர்மனி துருக்கி, மொராக்கோ, யூகோஸ்லாவியா என்று ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. எண்ணெய் நெருக்கடி வந்ததும் 1973 நவம்பரில் அதை நிறுத்தியது. வந்தவர்கள் பலர் திரும்பிப் போகவில்லை. 'விருந்தாளித் தொழிலாளி' என்று அழைத்தவர்களை அதன்பின் என்ன சொல்வது என்று அந்த ஊருக்குத் தெரியவில்லை. 'அலி' சரியாக அந்த நேரத்துப் படம். நான்காவது புதன்கிழமைக்கு வேறொன்றை வைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டு இதை வைத்தேன்.

அந்தப் படத்தில் ஓர் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். அறுபது வயதுத் துப்புரவுத் தொழிலாளி எம்மி, மொராக்கோக்காரர் அலியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கூட வேலை செய்கிற பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்துகிறார்கள், படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கொஞ்ச நாளில் யூகோஸ்லாவியாவிலிருந்து புதிதாக ஒரு பெண் வேலைக்கு வருகிறாள். இப்போது அந்தப் படிக்கட்டில் தனியாக உட்காருவது அவள். ஒதுக்குகிற கூட்டத்தில் எம்மியும் ஒருத்தி. இந்தக் காட்சி வந்தபோது எங்கள் வீட்டில் செக்கிங் வேலை பார்க்கிற அக்கா ஒருவர், "எங்க டேபிள்லயும் இப்படித்தானுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் படத்தை நிறுத்திவிட்டுப் பேசினோம்.

ரெண்டு படமும் டக்கார்ல இருந்து கிளம்பற கதை. நாடு திரும்ப வருதே?

வேண்டுமென்றே வைத்தது. நாடுகளை எண்ணிக்கைக்காகச் சேர்த்தால் உலகப் படம் பார்த்த மாதிரி இருக்கும், ஒன்றும் ஒட்டாது. ஒரே ஊரிலிருந்து இரண்டு காலத்தில் கிளம்பினவர்களைப் பார்த்தால் என்ன மாறியது என்று கண்ணுக்குத் தெரியும். 'பிளாக் கேர்ள்' படத்தின் தியுவானா கப்பலில் பிரான்ஸுக்கு வந்து இறங்குகிறாள். முதலாளி காரில் வந்து கூட்டிப் போகிறார். வழியில் யாரும் தடுக்கவில்லை. வந்து சேர்ந்த வீட்டுக்குள்தான் அவள் சிறைப்படுகிறாள். 57 ஆண்டுக்குப் பிறகு 'இயோ கபித்தானோ'வில் சேது என்கிற பையனுக்கு வழியே சிறையாகிவிட்டது. செம்பேன் தானே மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்பதையும் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள்.

மொத்தத்தில் ஒரு ஊர் ஜோடி போதும். மூன்றாவது தடவை டக்கார் வந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

தமிழ்ப் படம் மூணுதானுங்களா?

மூன்றும் மூன்று திசை. 'பராசக்தி' என்றால் எல்லோருக்கும் நீதிமன்ற வசனம்தான் நினைவு வரும். ஆனால் கதை ரங்கூனில் ஆரம்பிக்கிறது. தங்கையின் கல்யாணத்துக்கு மூன்று அண்ணன்களும் வரப் பார்க்க, போர்க்காலத்தில் ஒருவருக்குத்தான் கப்பலில் இடம் கிடைக்கிறது. நடு அண்ணன் ஞானசேகரன் குண்டுவீச்சில் காலை இழந்து, பர்மா அகதியாகத் திரும்பிப் பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். 1942இல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே திரும்பினார்கள். பத்து ஆண்டு கழித்து இந்தப் படம் வந்தபோது நடந்து வந்தவர்களே கொட்டகையில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் இது வேறு படம். தேடும்போது 1952 என்று சேர்த்துத் தேடுங்கள், அதே பெயரில் பிற்காலப் படமும் உண்டு.

'விசாரணை' நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து எடுத்தது. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்ப் பையன்கள் பார்க்கில் படுத்துத் தூங்குகிறார்கள். செய்யாத திருட்டுக்குப் போலீஸ் பிடித்துப் போகிறது. அடிக்கிறவர்கள் பேசுகிற தெலுங்கு அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை. நம் தெருவில் ஒரு செல்போன் காணாமல் போனால் முதலில் யார் ரூமைப் பார்க்கிறோம் என்று யோசித்துக்கொண்டே இந்தப் படத்தைப் பாருங்கள். இங்கே மொழி தெரியாமல் நிற்கிறவர் ஒடிசாக்காரர், அங்கே நிற்கிறவர் நம்மவர். என் கணக்கில் மாதத்தின் மையம் இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வைத்தவை.

கடைசிப் படம் 'டூரிஸ்ட் ஃபேமிலி', இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்து சென்னையில் குடியேறுகிற குடும்பம். பேச்சில் ஊர் தெரிந்துவிடக் கூடாது என்று பயப்படுகிற தமிழர்கள். சிரித்துக்கொண்டே பார்க்கலாம், அதனால் கடைசி ஞாயிற்றுக்கு வைத்தேன்.

'மினாரி'யை ஏன் எல்லாருக்கும் சொல்றீங்க? கொரியாக்காரங்க கதை நமக்குப் புடிக்குமா?

நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்கிற மாதிரி இன்னொரு வெளிநாட்டுப் படம் எனக்குத் தெரியாது. 1980களில் அமெரிக்காவின் ஆர்க்கன்ஸாவில் நிலம் வாங்கி, கொரியக் காய்கறி பயிரிட்டு விற்கப் பார்க்கிற குடும்பம். வருமானத்துக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரும் குஞ்சு பொரிக்கிற இடத்தில் ஆண் குஞ்சு பெண் குஞ்சு பிரிக்கிற வேலைக்குப் போகிறார்கள். பல்லடம் பக்கம் இந்த வேலை தெரியாதவர் இல்லை. புகைபோக்கியிலிருந்து கறும்புகை வருவதைப் பார்த்துப் பையன் என்னவென்று கேட்கிறான். ஆண் குஞ்சுகளை அங்கே அழித்துவிடுகிறார்கள், அவற்றால் உபயோகம் இல்லை, அதனால் நாம் இரண்டு பேரும் உபயோகமாக இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. ஊர் விட்டுப் போன ஆம்பளையின் பயம் முழுக்க அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

இன்னொன்று கிணறு. குச்சியை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வருகிறார். அவருக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று அப்பா தானே யோசித்து ஓர் இடத்தில் தோண்டுகிறார். தண்ணீர் வருகிறது, கொஞ்ச நாளில் வற்றிவிடுகிறது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகை மட்டும் வந்த அனுபவம் இருக்கிற எங்கள் பெரியப்பா, அந்த இடத்தில் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

துபாய், சவுதி ஒண்ணுமே இல்லையே? எங்க வீட்டுல ரெண்டு பேர் அங்கதான்.

அப்படியானால் கட்டாயம் சேர்க்க வேண்டும். மம்மூட்டி நடித்த 'பத்தேமாரி' (2015) வையுங்கள். பத்தேமாரி என்றால் பாய்மரக் கப்பல். அப்படி ஒரு கப்பலில் கடலைத் தாண்டிப் போன கேரளத்துக்காரர் ஒருவரின் முழு வாழ்க்கை அது. வீடு கட்டினார், அந்த வீட்டில் இருக்கத்தான் அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

ஆனால் எதை எடுத்துவிட்டு வைக்கிறீர்கள் என்பது முக்கியம். கிளம்புகிற கதை என்பதால் 'புரூக்ளின்' இருந்த இடத்தில் வைக்கத் தோன்றும். நோட்டில் பாருங்கள்: எடுத்த ஆண்டு அதே 2015, ஆனால் கனம் ஒன்றரையிலிருந்து மூன்றுக்குப் போய்விடும். 'தோ பீகா ஜமீன்' முடிந்த மறுநாளே அது வந்தால் இரண்டு நாளில் இரண்டு அப்பாக்கள் தோற்பதைப் பார்த்த மாதிரி ஆகும். அதனால் 'பத்தேமாரி'யை மூன்றாம் ஞாயிற்றுக்குப் பகலில் வைத்துவிட்டு, 'சுடானி'யை முதல் ஞாயிற்றுக்குக் கொண்டுபோங்கள். பயண வரிசை கொஞ்சம் குலையும், பரவாயில்லை. 'விசாரணை'யோடு சேர்ந்து மூன்றாம் வாரம் ரொம்பக் கனம் என்று பட்டால், அந்த வாரத்துப் 'பிளாக் கேர்ள்'ஐ இரண்டாம் வாரப் புதனுக்கும், 'லெ ஹாவ்ர்'ஐ அதன் இடத்துக்கும் மாற்றுங்கள். வரிசை குலைந்தால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். மூன்று கனப் படம் ஒட்டி வந்தால் வரமாட்டார்கள்.

பட்டியல் கனமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

படம் ஓடும்போது ஆட்கள் போனை எடுத்தால் அது சலிப்பு. படம் முடிந்ததும் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் வேறு கதை பேச ஆரம்பித்தால் அது பாரம். இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது. முதல் தடவை நான் போட்ட பட்டியலில் ஐந்து கனப் படம் வரிசையாக வந்தது. நான்காவது படத்துக்கு மேல் எல்லாத் துன்பமும் ஒரே துன்பமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. யார் எந்த ஊர் என்பதே குழம்பியது. அது அந்தப் படங்களுக்குச் செய்கிற அநியாயம்.

பக்கத்து ரூம் ஒடிசாப் பசங்களையும் கூப்பிடலாமா? பாஷை?

கூப்பிடுங்கள். தொடக்கத்துக்கு ஊமைப் படத்தை வைத்ததே அதற்காகத்தான். சாப்ளின் படத்தில் கப்பல் நியூயார்க்கை நெருங்க, எல்லோரும் சுதந்திர தேவி சிலையைக் கண் விரியப் பார்க்கிறார்கள். அடுத்த கணமே அதிகாரிகள் குறுக்கே கயிற்றைக் கட்டி அவர்களை மாடு மாதிரி ஒதுக்குகிறார்கள். அதற்கு எந்த மொழியும் வேண்டாம். எங்கள் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தது அந்தப் படத்துக்கு மட்டும்தான்.

'தோ பீகா ஜமீன்' இந்திப் படம், அன்றைக்கு நமக்கு அவர்கள்தான் அர்த்தம் சொன்னார்கள். 65 ரூபாய்க் கடன் ஜமீன்தார் கணக்கில் 235 ரூபாயாகி, அதைக் கட்ட மூன்று மாதத் தவணை வாங்கிக்கொண்டு கல்கத்தாவுக்கு ரிக்‌ஷா இழுக்கப் போகிற விவசாயியின் கதை. அந்தக் கடன் கணக்கை எனக்கு விளக்கிச் சொன்ன பையன், தன் அப்பா சூரத்துக்குப் போன கதையையும் சேர்த்துச் சொன்னான். 'பராசக்தி' அவர்களுக்கு வேண்டாம், அதில் வசனம்தான் எல்லாம். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அரிது. படிக்கத் தெரிந்த ஒருவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு வரி சொன்னால் போதும்.

வீட்டில் அக்கம்பக்கத்தாரோடு பார்ப்பது வேறு. மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஊரைக் கூட்டித் திரையிடுவதென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

குழந்தைகளை வெச்சுட்டுப் பார்க்கலாமா?

சாப்ளின், 'லெ ஹாவ்ர்', 'சுடானி', 'மினாரி', 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஐந்தும் தாராளமாகப் பார்க்கலாம். 'விசாரணை', 'இயோ கபித்தானோ' இரண்டும் கூடாது, சித்திரவதைக் காட்சிகள் நேரடியாக வருகின்றன. 'பிளாக் கேர்ள்' முடிவும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

ஒரு வாரம் பார்க்க முடியாமப் போயிட்டா?

ஷிப்மென்ட் நேரம் என்றால் அப்படித்தான் ஆகும். விட்டதை அடுத்த வாரத்தில் திணிக்காதீர்கள். அந்த வாரத்தின் சனிக்கிழமைப் படத்தை மட்டும் எப்படியாவது பார்த்துவிட்டு மேலே போங்கள். மாதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்பே பன்னிரண்டும் எங்கே கிடைக்கிறது என்று ஒருமுறை தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடிடியில் போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இருப்பதில்லை. கரன்ட் போனால் பார்ப்பதற்குச் சாப்ளின் படத்தைப் போனில் இறக்கி வைத்திருங்கள். அதற்கு இப்போது காப்புரிமை கிடையாது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சத்தமும் தேவையில்லை.